படத்தில் காலைப் பார்த்து மிஞ்சி, கொலுசு தெரிவு செய்யலாமா? (இரண்டாம் விரல் நீளம், மாநிறம்)

புதுப்பெண்_கல்லடி:
ஆவணியில கலியாணம். மிஞ்சி மாப்பிள்ளை வீட்டாக்கள்தான் வாங்குறாங்க. என்ன மாதிரி வேணுமெண்டு கேட்டு, கடையில இருந்து வந்த படங்கள எனக்கு அனுப்பியிருக்காங்க. கடைக்கு நேர போக வசதியில்ல. அதால என்ட காலைப் படமெடுத்துப் போட்டிருக்கன்.

எனக்கு ரெண்டாம் விரல் பெருவிரலை விட நீளம். பாதம் கொஞ்சம் அகலம். நிறம் மாநிறம், ஆனா இந்தப் படத்தில நல்லாக் கறுத்துத் தெரியுது. ராத்திரி ரியூப் லைற்றில, வெள்ளை ரைல்ஸ் மேல நிண்டுகொண்டு மேல இருந்து எடுத்தது.

தெரிவு மூண்டு. ஒண்டு 7 மில்லிமீற்றர் அகலப் பட்டை, கறுப்பூட்டிய வேலைப்பாடு. ரெண்டாவது 3 மில்லிமீற்றர் கம்பி, மேல சின்ன வட்டப் பூ. மூண்டாவது மாங்காய் முகப்பு, விரல் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். கொலுசு ரெண்டு மாதிரி: மெல்லிய சங்கிலி, மணி வைச்ச 9 மில்லிமீற்றர் அகலக் கொலுசு. ரெண்டும் 10 அங்குலமாம். அக்கா, கால் கறுப்பாத் தெரியுது, தங்கமுலாம் போட்டதைக் கேள் எண்டுறா. எது பொருந்தும்?

வாவிக்கரை_மச்சாள்:
தங்கச்சி, யோசிக்காம அகலப் பட்டையை எடு. ரெண்டாம் விரல் நீளமெண்டா குறுக்கால ஒரு தடிப்பான கோடு போடணும், அப்பதான் விரல் கட்டையாத் தெரியும். மாங்காய் முகப்புப் போட்டா விரல் இன்னும் நீண்டு காட்டும். நிறத்துக்கு ஒரு வழி இருக்கு. கால் நரம்பைப் பார். பச்சையாத் தெரிஞ்சா தங்கநிறம், நீலமாத் தெரிஞ்சா வெள்ளி. கறுத்த காலுக்குப் பளபள வெள்ளி எடுப்பா நிக்கும், ஆனா கறுப்பூட்டினதுதான் பாந்தம்.

ஒளிப்பெட்டி:
மிஞ்சிக்குப் போக முதல் படத்தைப் பார்ப்பம். இந்தப் படத்தை வைச்சு நிறமும் சொல்ல ஏலாது, அளவும் சொல்ல ஏலாது.

கால் கறுத்துத் தெரியுறதுக்குக் காரணம் ரைல்ஸ். போன் கமரா முழுப் படத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும். சுத்திவர வெள்ளை கிடந்தா, வெளிச்சம் கூடிப்போச்செண்டு நினைச்சுக் குறைக்கும். அப்ப ரைல்ஸ் சாம்பலாகும், கால் கறுக்கும். அதே காலை அதே லைற்றில சீமெந்துத் தரையில வைச்சு எடுத்துப் பாருங்க, ரெண்டு படி வெளுத்துத் தெரியும். இதுக்காகத் தங்கமுலாம் வாங்கப் போறது பாவம்.

திருப்பி எடுக்கிற முறை: பகல் ஒன்பது பத்து மணிக்கு, வெயில் நேர விழாத விறாந்தையில. கீழ சீமெந்து, இல்லாட்டிப் பாய். அதுக்கு மேல வெள்ளை ஏ4 தாள் ஒண்டு. வலது காலைத் தாளின் நீளப்பாட்டுக்கு நடுவில வையுங்க, விரல்நுனிக்கு முன்னால ரெண்டு விரல்கடை தாள் மிச்சம் தெரியணும். இன்னொராள் நிண்டுகொண்டு தாளுக்கு நேர் மேல இருந்து எடுக்கட்டும், நீங்க குனிஞ்சு எடுத்தா கமரா சரியும். போனைக் கால்ல இருந்து ஒரு மீற்றருக்குக் கிட்டக் கொண்டு வரவேணாம். சின்னனாத் தெரிஞ்சா ரெண்டு மடங்கு பெருப்பிச்சு எடுக்கலாம். திரையில பாதத்தின் மேல்தோலை ஒருக்காத் தொடுங்க, அப்ப கமரா தாளைப் பாராமத் தோலுக்கு வெளிச்சம் வைக்கும். முகம் அழகாக்கிற வேலை எல்லாத்தையும் நிப்பாட்டணும்.

எடுத்த பிறகு தாளின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே நீளமா எண்டு பாருங்க. ஒண்டு பெரிசெண்டா கமரா சரிஞ்சிருக்கு, திருப்பி எடுக்கணும். தாள் மஞ்சளாத் தெரிஞ்சா தோலும் அந்தளவு மஞ்சள் கூடித்தான் இருக்கும். வட்ஸ்அப்பில அனுப்பினா படமா இல்லாம ஆவணமா அனுப்புங்க, நுணுக்கம் கரையாது.

சலங்கை_ஒலி:
மகளுக்கு வாற வருசம் அரங்கேற்றம். பாதம் அகலமெண்டா மணி எத்தனை வரிசை வைக்கணும்? தோல் பட்டியா, நூல் பட்டியா நல்லம்? செம்பஞ்சு பூசினா மாநிறத்துக்கு எடுபடுமா?

பட்டறை_காரைதீவு:
சலங்கை_ஒலி அக்கா, இங்க கேட்டது கலியாண மிஞ்சியும் கொலுசும். சலங்கை கணைக்கால்ல இறுக்கிக் கட்டுற சாமான், பாதத்தின்ர வடிவு அதுக்குப் பெரிசா வேலை இல்ல. வரிசையை உங்கட ஆசிரியைட்டக் கேளுங்க, பிள்ளையின்ர வயசையும் பாரம் தாங்குறதையும் பார்த்துத்தான் சொல்லுவாங்க. தனி இழை போடுங்க.

இனி மிஞ்சிக்கு வருவம். மச்சாள் சொன்னதில முதல் பாதி சரி. குறுக்குக் கோடு நீளத்தை வெட்டும், மாங்காய் முகப்பு நீட்டிக் காட்டும். ஆனா 7 மில்லிமீற்றர் பட்டை எங்க இருக்கப்போகுது எண்டதைப் பார்க்கணும். விரல் இடுக்குச் சவ்வுக்கும் முதல் மூட்டு மடிப்புக்கும் இடையில உள்ள தட்டையான தோல்தான் மிஞ்சிக்குரிய இடம். நீளமான விரல்லயும் அந்த இடம் நீளமா இருக்குமெண்டு இல்ல. நீளம் நுனிப்பக்கம் கூடியிருக்கலாம். அந்த இடத்தின் பாதிக்கு மேல பட்டை பிடிச்சா, நடக்கிற நேரம் விரல் மடியும்போது பட்டையின் முன் விளிம்பு மடிப்பில இடிக்கும். ரெண்டு மூண்டு நாளில அந்த இடம் சிவந்து உரியும். படத்தில இந்தக் குறை தெரியாது, படத்துக்கு விரல் நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அதோட, தடிப்பு எண்டு ஒண்டு இருக்கு. கடைப்படத்தில அகலம் தெரியும், தடிப்புத் தெரியாது. பக்கத்து விரல் ஒட்டிக் கிடக்கிற காலுக்கு, மிஞ்சியின் பக்கவாட்டு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல தடிச்சா அடுத்த விரலை நோகப் பண்ணும். புதுப் படம் எடுத்தா விரல்களுக்கு நடுவில வெள்ளைத் தாள் கீறாத் தெரியுதா எண்டு பாருங்க. தெரிஞ்சா இடம் இருக்கு.

நரம்புக் கதையை விடுங்க. பாதத்தின்ர தோல் வெயில் பட்ட தோல், செருப்பு வார் பட்ட இடமெல்லாம் வேற நிறம். மாநிறக் கால்ல நரம்பின்ர நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க ஏலாது, அதுவும் படத்தில ஒருக்காலும் ஏலாது.

புதுப்பெண்_கல்லடி:
அண்ணன்மாரே, சொன்ன மாதிரியே எடுத்தன். தம்பிதான் நிண்டு எடுத்தவன். உண்மைதான், கால் இப்ப நல்லாத் தெளிஞ்சு தெரியுது. பெருவிரலுக்கும் ரெண்டாம் விரலுக்கும் நடுவில தாள் தெரியுது. ரெண்டுக்கும் மூண்டுக்கும் நடுவில ஒண்டுமில்ல, ஒட்டிக் கிடக்கு. இதில இருந்து மில்லிமீற்றர் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஒளிப்பெட்டி:
கணக்குத் தேவையில்ல. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். படத்தைக் கணினித் திரையில திறந்து, தாளின் அகலம் அடிமட்டத்தில 21 சென்ரிமீற்றர் வாறவரைக்கும் பெருப்பியுங்க. இப்ப திரையில நிக்கிறது உங்கட கால், அசல் அளவில. அடிமட்டத்தைத் திரையில வைச்சு நேர அளக்கலாம்.

கடதாசியில 3, 5, 7 மில்லிமீற்றர் கீற்று வெட்டித் திரையில விரல் மேல வைச்சுப் பாருங்க. மிஞ்சி எவ்வளவு இடம் பிடிக்குமெண்டு உடனே விளங்கும். கீற்றுக்குச் சொக்லேற் சுத்திவாற வெள்ளித்தாள் நல்லம், மினுங்கும்.

ஒரு சின்னப் பிழை வரும். விரல் தாளுக்கு மேல ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்தில இருக்கிறதால கமராவுக்குக் கிட்ட, கொஞ்சம் பெரிசாத் தெரியும். 120 சென்ரிமீற்றரில இருந்து எடுத்தா அந்தப் பிழை நூத்துக்கு ஒண்டுதான். 30 சென்ரிமீற்றரில இருந்து எடுத்தா நூத்துக்கு அஞ்சு. தள்ளி நிண்டு எடுக்கச் சொன்னது அதுக்குத்தான்.

புதுப்பெண்_கல்லடி:
அளந்தன். பெருவிரலை விட ரெண்டாம் விரல் 6 மில்லிமீற்றர் நீளம். சவ்வில இருந்து மடிப்பு வரை 11. அந்த இடத்தில விரலின் அகலம் 13. அப்ப 13 விட்டம் எண்டு சொல்லி மிஞ்சி வாங்கலாமா?

பட்டறை_காரைதீவு:
வாங்கப்படாது. படம் மேல இருந்து பார்த்த அகலத்தைத்தான் சொல்லும். விரலின்ர கீழ்ச்சதை படத்தில இல்ல. சுத்தளவைக் கையால எடுக்கணும். அரைச் சென்ரிமீற்றர் அகலக் கடதாசிக் கீற்றை விரல் அடியில சுத்தி, ஒண்டுக்கு மேல ஒண்டு வாற இடத்தில பேனையால கோடு போட்டு, விரிச்சு அளவுங்க. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு எடுங்க, நடந்து திரிஞ்ச கால் வீங்கியிருக்கும். காலையில எடுத்த அளவுக்குச் செய்த மிஞ்சி பின்னேரம் பிடிக்கும். ரெண்டு காலையும் தனித்தனிய எடுங்க.

11 மில்லிமீற்றர் இடத்துக்கு 7 பட்டை கழிஞ்சது. மூட்டுக்கு 4 மில்லிமீற்றர்தான் மிச்சம், நடக்கேக்க பட்டை முன்னுக்கு நகரும். ரெண்டாவது தெரிவைப் பாருங்க. 3 கம்பி நடு இடத்தில நிக்கும், ரெண்டு பக்கமும் 4 மில்லிமீற்றர் தோல் தெரியும். மேல உள்ள பூ எத்தனை மில்லிமீற்றர் எண்டு கேளுங்க. 7, 8 இருந்தா விரல் அகலத்தில பாதிக்குக் கொஞ்சம் கூட, கணக்கு. பட்டை செய்யிற குறுக்குக்கோட்டு வேலையைப் பூ செய்யும், ஆனா அது முதுகில மட்டும் இருக்கும், மடிப்பின்ர ரெண்டு ஓரமும் தப்பும். 13க்குக் கிட்ட வாற பூ வேணாம், மூண்டாம் விரல் ஒட்டிக் கிடக்கு, அதில தட்டும்.

இன்னொண்டு. அம்மி மிதிச்சு மிஞ்சி போடுறது மாப்பிள்ளை. மூடின வளையம் விரல்நுனிச் சதையைத் தாண்டிப் போகணும். நுனி பெருத்து அடி சிறுத்த விரலுக்கு, நுனியைத் தாண்டிப் போறளவு வளையம் அடியில தளந்து சுத்தும்; அடிக்குச் சரியான வளையம் நுனியில இறுகும். சபைக்கு முன்னால அவர் தள்ள, நீங்க பல்லைக் கடிக்க, அய்யர் அடுத்த மந்திரத்துக்குப் போயிருவார். கீழ வாய் திறந்த மிஞ்சி கேளுங்க.

காத்தான்குடி_ராத்தா:
ஏன்ட கேள்வியும் இதோட சேருமா தெரியல்ல. எங்களுக்கு மிஞ்சி இல்ல, கொலுசு மட்டும். மகளுக்கு ஒன்லைன்ல ஒண்டு எடுத்தேன், படத்தில வெள்ளையா மின்னிச்சு, கையில வந்தா மஞ்சச் சாயல். ஒரு கிழமையில கரண்டைக்குக் கீழ கறுப்பு வளையம் விழுந்து சொறியவும் சொறியுது. புள்ளேட நிறத்துக்கு வெள்ளி ஒத்துவராதா?

பட்டறை_காரைதீவு:
ராத்தா, நிறத்துக்கும் சொறிக்கும் தொடர்பில்ல. கறுப்பு மட்டும் பட்டு, சோப்புப் போட்டால் போனா அது வெள்ளியிலயும் வரும். 925 வெள்ளியிலயும் ஆயிரத்துக்கு 75 பங்கு செம்புதான் சேருறது, வேர்வையோட சேர்ந்து கறுக்கும். ஆனா சொறிஞ்சு தோல் தடிச்சா பெரும்பாலும் நிக்கல் கலந்த உலோகம். ஜேர்மன் சில்வர் எண்டு விக்கிறாங்களே, பேர்தான் சில்வர், அதில வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். கழட்டிருங்க. திருப்பிப் போட்டுப் பார்க்க வேணாம், ஒவ்வாமை ஒருக்கா வந்தா அடுத்தடுத்த முறையும் வரும். தோல் ஆறாட்டி டொக்டருக்குக் காட்டுங்க.

ஒளிப்பெட்டி:
அந்த மஞ்சச் சாயலைப் பற்றி ஒண்டு. மினுக்கின வெள்ளி ஒரு கண்ணாடி. அதுக்கெண்டு ஒரு நிறம் கிடையாது, முன்னால இருக்கிறதைத்தான் காட்டும். கடைக்காரர் வெள்ளைப் பெட்டிக்குள்ள வைச்சு எடுத்தா வெள்ளையா மின்னும். மஞ்சள் சுவருக்கு முன்னால தங்கம் மாதிரி இருக்கும். அரக்குக் கூறையின்ர கரைக்குக் கீழ செம்பு நிறம் பூசும். அதால கடைப்படத்தில வெள்ளியின்ர நிறத்தைப் பார்த்து ஒண்டும் தீர்மானிக்க வேணாம். பார்க்க வேண்டியது அகலம், முகப்பு, கொக்கி. ராத்தா கையில வந்து மஞ்சளாத் தெரிஞ்சதெண்டா அது வேற. சன்னலுக்குக் கிட்ட வெள்ளைத் தாள் மேல வைச்சுப் பாருங்க, அங்கயும் மஞ்சளெண்டா உலோகத்திலதான் பிழை.

மணவறை_அலங்காரம்:
நிறத்தைப் பற்றிக் கதைக்கிறீங்க, மருதோன்றியை ஒராளும் சொல்லல்ல. கலியாணத்தண்டு அந்தக் கால் இந்தப் படத்தில உள்ள கால் இல்ல. விரல்நுனியில இருந்து நடு மூட்டு வரைக்கும் மருதோன்றி பிடிச்சிருக்கும். பூசிக் கழுவின உடன செம்மஞ்சள். ஒரு நாள், ஒன்றரை நாள் போகத்தான் கருஞ்சிவப்பாகும். அந்தக் கருஞ்சிவப்புக்கும் பாதத்தின் மாநிறத்துக்கும் நடுவில மிஞ்சி நிக்கும். அந்த எல்லையில வெள்ளிக் கோடு ஒண்டு போட்டா மாதிரித் தெளிவா விழும். தங்கமுலாம் போட்டா மருதோன்றியோட கரைஞ்சு போயிரும். நிறத்தைப் படத்தில பார்க்கிறதெண்டா மூண்டு இடத்தில பார்க்கணும்: விரலடி, பாத மேல், கரண்டை. விரல் மூட்டுத் தோல் கனபேருக்குப் பாதத்தை விடக் கறுப்பு. மிஞ்சி நிக்கிறது அங்க, கொலுசு நிக்கிறது வெளுத்த இடத்தில. ரெண்டுக்கும் ஒரே முடிவு எடுக்கப்படாது.

முலாம் எப்பிடியும் கால்ல நிக்காது. மிஞ்சியின்ர அடிப்பக்கம் ஒவ்வொரு அடிக்கும் தரையில படும், எங்கட ஊர் மணலில அது அரத்தால உரசுற மாதிரி. அடி முதல்ல வெளுக்கும். காலுக்குத் தங்கம் ஆகாதெண்டு சொல்லுற பெரியாக்களும் வீட்டில இருப்பாங்க, அந்தச் சண்டையை மணவறைக்குக் கொண்டுவர வேணாம்.

ஆனா வெள்ளியில நான் கறுப்பூட்டினதுக்குத்தான் வாக்குப் போடுவன். அம்மியில கால் வைச்ச நேரம் படமெடுக்கிறவங்க குந்தி இருந்து கிட்டத்தில பிளாஷ் அடிப்பாங்க. மினுக்கின வெள்ளி அப்பிடியே வெள்ளைப் பொட்டா எரிஞ்சு போகும், பூவும் தெரியாது இதழும் தெரியாது. கறுப்பூட்டினது வேலைப்பாட்டைக் காட்டும்.

ஒளிப்பெட்டி:
கிட்டத்தில நீங்க சொல்லுறது சரி. எழும்பி நிண்டு ஒன்றரை மீற்றரில இருந்து பார்த்தா மற்றப் பக்கம். கறுப்பூட்டின பள்ளங்கள் மாநிறத் தோலோட, அதுவும் கறுத்த விரலடியோட சேர்ந்திரும். மினுங்குற மேடு மட்டும் தெரியும், அது அங்கொண்டு இங்கொண்டாப் புள்ளி போட்டது மாதிரி. 7 மில்லிமீற்றர் பட்டையும் தூரத்தில உடைஞ்ச கோடாத்தான் தெரியும். கடைப்படத்தில வெள்ளைத் துணி மேல அது நல்லா எடுபடும், ஏனெண்டா அங்க கறுப்புக்குப் போட்டியில்ல. எரியிறதுக்கு வழி பிளாஷைக் குறைக்கிறது, இல்லாட்டி மேல்கூரைக்குத் திருப்பி அடிக்கிறது.

மணவறை_அலங்காரம்:
படமெடுக்கிற தம்பிமார் எல்லாரும் நீங்க சொல்லுற மாதிரித் திருப்பி அடிச்சா நான் ஏன் கதைக்கிறன்? பந்தலுக்குக் கூரை எங்க கிடக்கு, கறுப்பு வானம்தான்.

வாவிக்கரை_மச்சாள்:
சரி, பட்டையில நான் தோத்தன். கொலுசில மட்டும் கேளுங்க. அகலப் பாதம், அதுக்கு மெல்லிய சங்கிலி தூரத்தில ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும். 9 மில்லிமீற்றர்தான் சரி.

பட்டறை_காரைதீவு:
இதில மச்சாளோட நிக்கிறன். ஆனா அகலப் பாதமெண்டதால இல்ல. கொலுசு பாதத்தில நிக்கிறதில்ல, கரண்டையில நிக்குது. பாதம் அகலமா இருந்து கரண்டை ஒல்லியா இருக்கிற கால் நிறைய இருக்கு. மேல இருந்து எடுத்த படத்தில கரண்டையைத் தீர்மானிக்க ஏலாது. அது தாளுக்கு ஏழெட்டுச் சென்ரிமீற்றர் உயரத்தில கமராவுக்குக் கிட்ட நிக்குது, ஒளிப்பெட்டி சொன்ன பிழை அங்க பல மடங்கு. தங்கச்சி, கொலுசுக்கு வேற படம் எடுக்கணும்: போனைத் தரையில, கரண்டை எலும்பு உயரத்துக்கு, பக்கவாட்டில ஒரு மீற்றர் தள்ளி வைச்சு எடுங்க. கரண்டை எலும்பு எவ்வளவு முட்டி நிக்குது, அதுக்குக் கீழ குதிக்காலுக்கு எவ்வளவு இடம் கிடக்குது எண்டு தெரியணும். கரண்டை எலும்பு மேல நூல் சுத்தி அளவும் எடுங்க.

புதுப்பெண்_கல்லடி:
பக்கப் படம் போட்டிருக்கன். எலும்பு நல்லா முட்டித்தான் நிக்குது. நூல் அளவு 23 சென்ரிமீற்றர். மிஞ்சிக்குக் கீற்றுச் சுத்தி அளந்தன்: வலது 44 மில்லிமீற்றர், இடது 43.

பட்டறை_காரைதீவு:
மிஞ்சி முதல். 44ஐ 3.14ஆல பிரிச்சா விட்டம் 14. படத்தில 13 எண்டு வாங்கியிருந்தா ஒரு மில்லிமீற்றர் குறைஞ்சிருக்கும், சுத்தளவில அது மூண்டு மில்லிமீற்றர், பின்னேரத்தில விரல் நீலம் பாரிக்கப் போதும். வலதுக்கு 14. இடதுக்கும் அதே 14ஐ எடுத்து வாயைக் கொஞ்சம் நெருக்கினாச் சரி.

10 அங்குலம் எண்டா 25.4 சென்ரிமீற்றர். 23க்கு மேல 2.4 தளர்ச்சி. மெல்லிய சங்கிலி பாரமில்லாதது, அந்தத் தளர்ச்சியில முன்பக்கம் பாத மேட்டுக்கு வழுகி, பின்பக்கம் குதிக்காலில செருப்பு வாரில மாட்டும். எலும்பு முட்டி நிக்கிற கால்ல அது ஒரு பக்கம் சாய்ஞ்சு கொக்கி முன்னால வந்து நிக்கும். படத்திலயும் கொக்கிதான் விழும். சங்கிலி வேணுமெண்டா ஒன்பதரை அங்குலம் கேட்கணும்.

9 மில்லிமீற்றர்க் கொலுசு வேற கணக்கு. அது தடிப்பானது. விரிச்சு வைச்சு அளந்த நீளம் நடுவால போற நீளம். சுத்திப் பூட்டினா உள்சுத்து அதை விடக் குறையும். 3 மில்லிமீற்றர் தடிப்பெண்டா கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் குறையும். அப்ப 24.4, தளர்ச்சி 1.4. எலும்புக்குச் சற்றுக் கீழ படிஞ்சு நிக்க அது போதும். ஆனா கடைக்காரரிட்ட ஒண்டு கேட்கணும்: 10 அங்குலம் கொக்கியோட சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்தெண்டா உள்சுத்து இன்னும் அரைச் சென்ரிமீற்றர் அளவுக்குக் குறையலாம், அப்ப எலும்பில ஏறி இறுகும். பூட்டுற பக்கம் ரெண்டு மூண்டு வளையம் கூட வைச்சுத் தரச் சொல்லுங்க.

பாரத்தையும் கேளுங்க. ஒரு சோடி 50, 60 கிராம் இருந்தா தன் பாரத்தில கீழ இறங்கி நிக்கும். அகலம் 9 எண்டு காட்டிப் பாரம் 30க்குக் குறைவெண்டா உள்ள பொள்ளல், மணியும் தகடு. நாற்காலிக் காலில ஒருக்கா முட்டினா நெளியும்.

மணவறை_அலங்காரம்:
அதோட கூறை தரையைத் தொட்டுக்கொண்டுதான் வரும். கொலுசு வெளியில தெரியிறது அம்மியில கால் தூக்கிற நேரமும், மணவறையில ஏறுற நேரமும் மட்டும். அப்ப தெரியிறது முன்பக்கம். மணி முன்பக்கமும் தொடர்ந்து வருதா, இல்லாட்டிப் பக்கவாட்டில மட்டும் வைச்சிருக்கா எண்டு கடையிட்ட முன்பக்கப் படம் ஒண்டு கேளுங்க.

வாவிக்கரை_மச்சாள்:
எங்கட பக்கம் வைகாசியில கண்ணகைக்குக் குளிர்த்தி வைக்கிறாங்களே, சிலம்பைப் பாராமல் தீர்ப்புச் சொல்லிக் கெட்ட பாண்டியன்ட கதை எல்லாருக்கும் தெரியும். உடைச்சுப் பார்த்தாத்தான் மாணிக்கமா முத்தா எண்டு தெரிஞ்சது. நாங்க வட்ஸ்அப் படத்தில தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இருக்கிறம்.

புதுப்பெண்_கல்லடி:
கடையில கேட்டன். பூ 8 மில்லிமீற்றர், வாய் திறந்த மாதிரி. கொலுசு 54 கிராம், 10 அங்குலம் கொக்கியோட சேர்த்துத்தானாம், மேல மூண்டு வளையம் போட்டுத் தாறாங்க. வெள்ளித்தாள் கீற்றைத் திரையில வைச்சும் பார்த்தன். 7 வைக்க விரல் ரெண்டா வெட்டின மாதிரி இருந்தது. 3உம் பூவும் நல்லாத்தான் இருக்கு. மினுக்கினதா கறுப்பூட்டினதா எண்டது மட்டும் இன்னும் குழப்பம். பூவை மட்டும் கறுப்பூட்டி, கம்பியை மினுக்கி விடச் சொல்லலாமா?

மணவறை_அலங்காரம்:
சொல்லலாம், ஆனா நான் பூ முழுக்கக் கேட்பன்.

ஒளிப்பெட்டி:
நான் இதழுக்கு நடுவில மட்டும். விளிம்பு மினுங்கட்டும், தூரத்தில பூ வட்டம் கலையாது.

பட்டறை_காரைதீவு:
எதைச் செய்தாலும் கறுப்பு பள்ளத்தில மட்டும்தான் நிலைக்கும், மேடு ரெண்டு மாதத்தில தானா வெளுக்கும். பிறகு வேணுமெண்டா திருப்பிப் போடலாம், பெரிய செலவில்ல. அதை விட முக்கியம் வாய். மிஞ்சி கையில வந்த உடன அடிப்பக்கத்து ரெண்டு முனையையும் நகத்தால தடவிப் பாருங்க. நகம் சொரசொரத்தா அரம் போட்டு உருட்டணும். போட்ட பிறகு ரெண்டு முனைக்கும் நடுவில 2 மில்லிமீற்றராவது இடைவெளி நிக்கட்டும். முட்ட மூடினா நடக்கிற நேரம் கீழ்ச்சதையைக் கவ்வும். வீட்டில போட்டுப் பார்க்கிறம் எண்டு நாளுக்கு நாலு தரம் திறந்து மூடவும் வேணாம். வெள்ளி மடிக்க மடிக்க இறுகும், பிறகு பூவுக்குக் கிட்ட மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும். ஒருக்காத் திறந்து, ஒருக்காப் போட்டுப் பார்த்து, கலியாணத்தண்டு வரைக்கும் பெட்டிக்குள்ள வையுங்க.

சலங்கை_ஒலி:
தனி இழை போட்டிருக்கன். பட்டறை அண்ணன், ஒருக்கா வந்து பாருங்க.